யாருக்கு, எத்தனை முறை, என்ன இழப்பு?

(பொன்முடியில் தோட்டப் பகுதிக் கட்சி உறுப்பினர்களுக்கு நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லாறு தாண்டி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தபோது, முன்னால் செல்லும் வண்டி தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் இதைக் காண்பதற்காகவே வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இம்மலைக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. பயணிக்கு அது காட்சி. லயத்தில் வாழ்பவருக்கு அது நனைந்த பாய். இன்றைய வகுப்பு அந்த நனைந்த பாயைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பற்றியது.

நமது கிளைகள் ஆண்டுதோறும் எழுதும் மனுக்களில் மாறாமல் வரும் ஒரு வாக்கியம் உண்டு. "தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் மிகவும் மோசமான நிலையில் உள்ளன, தொழிலாளர்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகின்றனர், உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்பதே அது. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் இந்த வாக்கியம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் "தக்க நடவடிக்கைக்காக" என்ற குறிப்புடன் போய், "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலாகத் திரும்பி வருகிறது.

அதிகாரிகளின் அலட்சியம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் வாக்கியத்திலேயே இருக்கிறது. "மோசமான நிலை" என்று எழுதினால், எது மோசம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம். இரண்டு தகரத்தை மாற்றிவிட்டு "சீரமைப்பு நடைபெற்றது" என்று அது பதில் எழுதலாம். அந்தப் பதில் பொய் என்று நிரூபிக்க நம்மிடம் எதுவும் இருக்காது. எந்த வீடு, எந்த இரவு, எவருடைய கூலி என்று நாம் முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தப் பதில் நிற்காது. ஆகவே ஒரு பிரச்சினையை எழுதும்போது மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தாக வேண்டும். துன்பப்படுவது யார்? எத்தனை முறை? அதனால் அவர்கள் இழப்பது என்ன?

இம்முறை நமக்குப் புதியது அன்று. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்த தோழர்களுக்கு ஒரு கணக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கையிலிருந்து மார்க்ஸ் அதை எடுத்தாளுகிறார். சட்டத்தை ஏமாற்றும் ஆலை முதலாளி காலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஆலையை ஓட்டத் தொடங்குகிறார். மாலை ஆறு மணிக்குப் பிறகு பதினைந்து நிமிடம் தாமதித்து நிறுத்துகிறார். காலை உணவு இடைவேளையின் இரு முனைகளிலும் ஐந்தைந்து நிமிடம், மதிய உணவு இடைவேளையின் இரு முனைகளிலும் பத்துப் பத்து நிமிடம் திருடுகிறார். ஒரு நாளைக்கு 60 நிமிடம் ஆகிறது. ஐந்து நாளைக்கு 300 நிமிடம். அரைநாள் வேலையான சனிக்கிழமையில் 40 நிமிடம். ஆக வாரத்துக்கு 340 நிமிடம். ஆண்டுக்கு ஐம்பது வேலை வாரங்கள் என்று பெருக்கினால் 27 வேலைநாட்கள் வருகின்றன.

இதைக் கவனியுங்கள். "முதலாளிகள் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிகிறார்கள்" என்று எழுதியிருந்தால், ஆலை முதலாளி ஐந்து நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று சிரித்திருப்பார். ஐந்து நிமிடம் எவ்வளவு சிறியது என்பதில்தான் அந்தத் திருட்டு ஒளிந்திருந்தது. ஒரு முறை நடப்பது எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதிய பிறகே, ஆண்டுக்கு ஒரு மாத உழைப்பு கூலியின்றிப் பறிபோகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஒரு வகையான முதலாளி அதில் முழுமையாக அம்பலமாகிறார்.

இனி நம் லயத்துக்கு வருவோம். கணக்கு எப்படி உருவாகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை லயத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் எண்கள் அனைத்தும் பயிற்சிக்கானவை. அவற்றை எவரும் தங்கள் மனுவில் எழுதிவிட வேண்டாம். உங்கள் எண்கள் உங்கள் லயத்திலிருந்துதான் வர வேண்டும்.

பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு லயம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளை முன்பு கொடுத்த மனுவில் "லயத்தின் மேற்கூரையை மாற்றித் தர வேண்டும்" என்று கேட்டிருந்தது. பதில் வரவில்லை. இம்முறை இரண்டு தோழர்கள், அவர்களில் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண் தோழர், மூன்று கேள்விகளோடு வீடு வீடாகச் செல்கிறார்கள்.

முதல் கேள்வி: யார்?

"தொழிலாளர்கள்" என்று எழுதுவது எளிது. ஆனால் லயத்துக்குள் நுழைந்தால் அந்தச் சொல் பலவாகப் பிரிகிறது. நிரந்தரத் தொழிலாளர் ஒரு வீட்டில் இருக்கிறார். தற்காலிகத் தொழிலாளர் அடுத்த வீட்டில் இருக்கிறார். வடமாநிலத்திலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் வந்த நான்கு இளைஞர்கள் ஓர் அறையில் இருக்கிறார்கள். கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி, பணிக்கொடை இன்னும் கைக்கு வராததால் வீட்டைக் காலி செய்யாமல் பேரக்குழந்தையோடு இருக்கிறார். எல்லார் வீட்டிலும் ஈரம் ஒன்றுதான். ஆனால் அதை எழுதும்போது ஒவ்வொருவரின் நிலையும் வேறு.

1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு அளித்துப் பராமரிப்பதை வேலையளிப்பவரின் கடமையாக வைத்தது. அதன் இடத்தில் 2020 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. நாம் அதை எதிர்த்தாலும், வீட்டுவசதியைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாகவே அதுவும் வைத்துள்ளது என்பதை விட்டுவிடக் கூடாது. ஆனால் மூதாட்டியைத் "தொழிலாளர்" என்ற பட்டியலில் சேர்த்து எழுதினால், "அவர் எங்கள் தொழிலாளர் அல்லர், வீட்டை விடாமல் இருப்பவர்" என்று நிர்வாகம் ஒரே வரியில் நம் அறிக்கை முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அதற்காக அவரை விட்டுவிடலாமா? கூடாது. அவர் யார் என்பதை உள்ளபடி எழுத வேண்டும். ஓய்வு பெற்றவர், பணிக்கொடை நிலுவையில் உள்ளதால் குடியிருப்பவர். பணிக்கொடை உரியதாகும் நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆக அவர் அங்கே இருப்பதற்குக் காரணம் அவரல்லர். பணிக்கொடை நிலுவை என்பது தனி ஒரு பிரச்சினை. அதற்குத் தனி அறிக்கை எழுத வேண்டும். ஒரே தாளில் இரண்டு பிரச்சினைகளைக் கட்டினால், எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடினமானதை மறந்துவிடுவார்கள்.

"யார்" என்ற கேள்வியில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நாம் ஒருவரின் பெயரை எழுதும்போது அவரை நிர்வாகத்தின் கண்ணுக்கு முன் நிறுத்துகிறோம். தற்காலிகத் தொழிலாளரின் பெயர் மனுவில் வந்தால் மறுநாள் வேலை இல்லை என்று அவரிடம் சொல்வது எளிது. எனவே அறிக்கையில் வீட்டு எண்ணும் குடும்பத்தின் அமைப்பும் போதும். பெயர்ப்பட்டியல் கிளையின் கையில் இருக்கட்டும். தன் வீட்டு எண்ணைக்கூட எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், எண்ணிக்கையில் மட்டும் அவரைச் சேருங்கள். ஆய்வாளர் நேரில் வந்து கேட்கும்போது பேசத் தயாராக இருப்பவர் யார் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: எத்தனை முறை?

இங்கே நம் மனுக்களின் இரண்டு பழகிய சொற்களை வெட்டி எறிய வேண்டும். ஒன்று "அடிக்கடி", மற்றொன்று "எப்போதும்". வீடு எப்போதும் ஒழுகுகிறது என்று எழுதிவிட்டு, ஆய்வாளர் வெயில் நாளில் வந்து உலர்ந்த தரையைப் பார்த்தால், அந்த ஒரு சொல்லால் மற்ற உண்மைகளும் பொய்யாகிப் போகும்.

தோழர்கள் இருவரும் என்ன செய்கிறார்கள்? பன்னிரண்டு வீடுகளிலும் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டிவைக்கிறார்கள். நனைந்ததால் பாயை இடம் மாற்றிப் போட வேண்டிவந்த இரவுக்கு ஒரு கோடு. "ஒழுகியது" என்பதை அவரவர் அவரவர்க்குத் தோன்றியபடி புரிந்துகொள்வார்கள். பாயை நகர்த்தினோமா இல்லையா என்பதில் குழப்பம் இல்லை. மழை பெய்ததா என்பதைத் தோழர்களில் ஒருவர் தனியாகக் குறித்து வருகிறார். துலாவர்ஷத்தில் நான்கு வாரம், அதாவது 28 இரவுகள் இது நடக்கிறது.

"ஆண்டுக்கு எத்தனை நாள் ஒழுகும்?" என்று கேட்பதைவிட இது மேலானது. ஆண்டைப் பற்றிக் கேட்டால் நேற்றைய மழை நினைவில் பெரிதாகி நிற்கும். எல்லாரும் நூறு நாள், இருநூறு நாள் என்று முழு எண்களாகச் சொல்வார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே எண் வந்தால், அது எண்ணியதால் வந்த எண் அன்று, பேசி வைத்துக்கொண்ட எண் என்று அறியுங்கள். உண்மையான கணக்கு வீட்டுக்கு வீடு மாறும்.

நம் லயத்தில் 28 இரவுகளின் முடிவில் தாள்களைச் சேர்க்கிறோம். ஐந்து வீடுகளில் ஒரு கோடுகூட இல்லை. ஏழு வீடுகளில் முறையே 14, 13, 11, 9, 6, 5, 5 கோடுகள். மொத்தம் 63. அந்த நான்கு வாரத்தில் மழை பெய்த இரவுகள் 10 மட்டுமே.

இங்கே நில்லுங்கள். மழை பெய்தது பத்து இரவு. அப்படியானால் பதினான்கு இரவும், பதின்மூன்று இரவும், பதினொரு இரவும் நனைந்த வீடுகள் எப்படி நனைந்தன? தோழர்கள் அந்த மூன்று வீடுகளுக்கும் திரும்பப் போகிறார்கள். மூன்றும் லயத்தின் ஒரே முனையில், சரிவை ஒட்டி இருக்கின்றன. கூரையில் குற்றமில்லை. பின்சுவரின் அடியிலிருந்து நீர் ஊறுகிறது. மழை நின்று ஒரு நாள், இரு நாள் ஆன பிறகும் ஊறுகிறது. வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடும் ஓடை மண் சரிந்து மூடிக்கிடக்கிறது.

பழைய மனு கேட்டது என்ன? மேற்கூரை. நிர்வாகம் பெருந்தன்மையோடு அந்த மனுவை முழுமையாக நிறைவேற்றியிருந்தாலும், 63 இரவுகளில் நீங்கியிருப்பவை 25 மட்டுமே. மிகவும் துன்பப்பட்ட மூன்று வீடுகளின் 38 இரவுகள் அப்படியே நீடித்திருக்கும். அந்த மூன்று வீட்டாரும், சங்கம் போராடி வென்ற புதிய கூரையின் கீழ் ஈரத்தில் படுத்திருப்பார்கள். நாம் வெற்றி விழாக் கூட்டம் நடத்தியிருப்போம்.

தீர்வைப் பிரச்சினையாக எழுதியதால் நேர்ந்த பிழை இது. "கூரை இல்லை", "மருந்தகம் இல்லை", "பேருந்து இல்லை" என்று எழுதும்போது நமக்குத் தோன்றிய ஒரு தீர்வுக்கு "இல்லை" என்ற சொல்லை ஒட்டிப் பிரச்சினை என்று பெயரிடுகிறோம். பிரச்சினை மனிதருக்கு நேர்வதுதான். பொருள் இல்லாமை அதன் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். இரவில் பாயை நகர்த்துகிறார்கள் என்று எழுதுங்கள். ஏன் என்பதைப் பிறகு தேடுங்கள். கோரிக்கையை அதற்கும் பிறகு எழுதுங்கள்.

மூன்றாம் கேள்வி: என்ன இழப்பு?

இங்கே ஆர்வத்தால் கணக்கைக் கெடுப்பவர்கள் நம்மில் மிகுதி. நம் லயத்தில் அந்த நான்கு வாரத்தில் ஏழு வீடுகளிலும் சேர்த்து 11 வேலைநாட்கள் போயின என்று வைத்துக்கொள்வோம். நனைந்த துணியை உலர்த்தவும், குழந்தையைப் பார்க்கவும், தூங்காத இரவுக்குப் பின் மலையேற முடியாமலும் போன நாட்கள் அவை. அவற்றில் 9 நாட்கள் பெண்களுடையவை. நாட்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,950 ரூபாய் கூலி போயிற்று. ஐந்து வீட்டார் 800 ரூபாய் வீதம் தார்ப்பாய் வாங்கினார்கள். அது 4,000 ரூபாய். மொத்தம் 8,950 ரூபாய்.

இப்போது ஒரு தோழர் எழுந்து, "இதை ஆண்டுக்குப் பெருக்குவோம், லட்சத்தைத் தாண்டும்" என்பார். கூடாது. துலாவர்ஷத்தின் நான்கு வாரத்தை மாசி, பங்குனியின் மீது ஏற்றக் கூடாது. தார்ப்பாயும் மாதந்தோறும் வாங்குவதில்லை. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு முறை வாங்குவது. ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஐம்பது வாரத்தால் பெருக்கியபோது அதற்கு நியாயம் இருந்தது, ஏனெனில் அந்தத் திருட்டு வாரம் தவறாமல் நடந்தது. அதிலும் ஆண்டின் இரண்டு வாரத்தை விடுமுறைக்கும் அவ்வப்போதைய வேலைத் தடங்கல்களுக்கும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். நாம் எண்ணியதை மட்டும் எழுதுவோம். இடவப்பாதியில் இன்னொரு முறை எண்ணி, அதையும் எழுதுவோம்.

நோயைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. அந்த வீடுகளில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். ஈரத்தால் வந்தது என்று எழுதினால், எந்த மருத்துவர் சொன்னார் என்று கேட்பார்கள். காய்ச்சல் கண்ட நாட்களின் எண்ணிக்கையை, நனைந்த வீடுகளுக்கும் நனையாத வீடுகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். காரணத்தை நீங்கள் அறிவிக்க வேண்டாம். ஆய்வாளர் இரண்டு எண்களையும் பார்த்துத் தாமே கேள்வி கேட்கட்டும். அச்சத்துக்கும் அவமானத்துக்கும் விலை போட வேண்டாம். விருந்தினர் வந்தால் உட்கார வைக்க உலர்ந்த இடமில்லை என்று ஒரு தாய் சொன்னால், அதைச் சொன்னபடியே ஒரு வரியாக எழுதுங்கள். ரூபாயில் மாற்றினால் அது சிறுத்துவிடும்.

வெளியே தெரியாத இழப்பு ஒன்றையும் சொல்கிறேன். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில்தான் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சேர்கிறது. ஈரத்தால் போன வேலைநாள் அந்தக் கணக்கிலும் குறைகிறது. அன்றைய கூலி ஒரு முறை போகிறது. அதன் நிழல் விடுப்புக் கணக்கில் இன்னொரு முறை விழுகிறது. கூலிச் சீட்டை வாங்கிப் பார்க்காமல் இது தெரியாது. ஆனால் இதைத் தனி வரியாக எழுதுங்கள். முதல் தொகையோடு கூட்டி ஒரே இழப்பை இரு முறை எண்ணிவிடாதீர்கள்.

இனி அறிக்கையை எழுதுவோம். அது இப்படி இருக்கும்:

"பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயத்தில் ஏழு வீடுகளில் 31 பேர் வாழ்கின்றனர், அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 6 பேர், அறுபது வயதைக் கடந்தோர் 4 பேர். துலாவர்ஷத்தின் 28 இரவுகளில், நீர் புகுந்ததால் இவ்வீடுகளில் படுக்கையை இடம் மாற்ற நேர்ந்தது மொத்தம் 63 முறை. நான்கு வீடுகளில் மழை பெய்த இரவுகளில் மட்டும் 25 முறை. சரிவை ஒட்டிய மூன்று வீடுகளில், மழை பெய்யாத இரவுகள் உட்பட, 38 முறை. மற்ற ஐந்து வீடுகளில் நீர் புகவில்லை. இக்காலத்தில் இக்குடும்பங்கள் 11 நாள் கூலியை இழந்தன. அவற்றில் 9 நாட்கள் பெண்களுடையவை. ஐந்து குடும்பங்கள் தார்ப்பாய்க்கு 4,000 ரூபாய் சொந்தப் பணம் செலவிட்டன. நாட்காட்டித் தாள்கள் கிளையில் உள்ளன."

இதில் "மிகவும்" என்ற சொல் இல்லை. "சொல்லொணா" இல்லை. "மற்ற ஐந்து வீடுகளில் நீர் புகவில்லை" என்ற வரியை நீக்கிவிடலாமே, அது நமக்கு எதிரானதல்லவா என்று சில தோழர்கள் நினைப்பார்கள். அந்த வரிதான் மற்ற எண்களுக்குப் பிணை நிற்கிறது. இல்லாததை இல்லை என்று எழுதியவர் உள்ளதையும் உள்ளபடி எழுதியிருப்பார் என்று படிப்பவர் நம்புகிறார். ஓடை பற்றி நாம் கண்டது கோரிக்கைப் பகுதியில் வரும். இந்தப் பகுதியில் இல்லை. நிர்வாகத்தின் பொறியாளர் வேறு காரணம் சொன்னால் சொல்லட்டும். 38 என்பது பூஜ்யமாக வேண்டும். அதுவே நம் அளவுகோல். வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்ன பிறகு வரும் மழையில் மீண்டும் தாளை ஒட்டுவோம்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைத்தால் நான் உங்களுக்குத் தவறாகக் கற்பித்தவனாவேன்.

2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேரை நாம் இழந்தோம். சிலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அதற்கு முந்தின நாள் ஒரு தோழர் அங்கே நாட்காட்டியோடு போயிருந்தால், "மண்சரிவு எத்தனை முறை?" என்ற கேள்விக்கு அவர் எழுதியிருக்கக்கூடிய எண் பூஜ்யம்.

எனவே "எத்தனை முறை" என்பதில் பூஜ்யம் வருகிற இடங்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நிகழாததால் பூஜ்யம் ஒன்று. நிகழ்ந்தால் எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போகும் என்பதால் பூஜ்யம் மற்றொன்று. இரண்டாவது வகைக்கு நிகழ்வை எண்ணாதீர்கள். அதன் வழியில் இருப்பவர்களை எண்ணுங்கள். சரிவின் கீழே எத்தனை வீடுகள், இரவில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், அவர்களில் தாமாக எழுந்து ஓட முடியாதவர் எத்தனை பேர், தொலைபேசி அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதுங்கள். அறிகுறிகளை எண்ணுங்கள்: சுவரில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, முன்பு இல்லாத இடத்தில் நீர்க்கசிவு. நம் கற்பனை லயத்தின் பின்சுவரில் ஊறும் அந்த நீரையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். நாம் அதை ஈரப்பாயின் பிரச்சினை என்று எழுதினோம். அது அதைவிடப் பெரிய ஒன்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே அதற்கு இன்னொரு தாள், நிலவியல் ஆய்வு கோரி, காத்திருக்காமல் அன்றே எழுதப்பட வேண்டும்.

இறுதியாக, இதை யார் எழுதுவது என்ற கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தபோது சங்கத் தலைவர்களைத் தங்கள் போராட்டத்துக்கு அருகில் வர விடவில்லை. அந்தத் தலைவர்களில் நம்முடையவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. போனஸ் 10 விழுக்காடு என்றது நிர்வாகம். 20 விழுக்காடு வேண்டும் என்றார்கள் பெண்கள். ஒன்பது நாட்களுக்குப் பின் 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை என்று இருபதும் கிடைத்தது. அவர்களுக்கு எவரும் எண்களைக் கற்றுத் தரவில்லை. தன் கூலிச் சீட்டில் எவ்வளவு குறைந்தது என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. நமது தீர்மானங்களில் "தொழிலாளர் நலன்" இருந்தது. அவர்கள் பேச்சில் அந்த எண் இருந்தது. அந்த இடைவெளியில்தான் அவர்கள் நம்மை விட்டு விலகினார்கள்.

எனவே அறிக்கையைக் கிளை அலுவலகத்தில் அமர்ந்து எழுதி முடித்துவிடாதீர்கள். தமிழில் எழுதி, லயத்து வாசலில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இது எங்க வீட்டுக் கணக்கு இல்லையே, தோழர்" என்று ஒருவர் சொன்னால் திருத்துங்கள். அவர்கள் ஒப்பிய பிறகு மலையாளத்தில் ஒரு படி எழுதுங்கள். மொழி மாறும்போது எண்கள் மாறாமல் இருக்கிறதா என்று இருவர் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு படி நிர்வாகத்துக்கு, ஒரு படி தோட்ட ஆய்வாளருக்கு, ஒரு படி ஊராட்சிக்கு. இன்னொரு படி லயத்திலேயே இருக்கட்டும். பதில் வரும் நாளில் அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் ஒரு லயத்தின் நாட்காட்டித் தாள்களோடு வாருங்கள். அறிக்கையை அங்கே சேர்ந்து எழுதுவோம்.